பிளக்கில் மாட்டியும் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் அந்தச் சின்ன லைட்டைப் பாருங்கள்

லேப்டாப்பை முழுசாக ஆஃப் செய்யுங்கள். மூடி வைத்தால் அது ஆஃப் ஆகிவிடாது, தூங்கத்தான் செய்யும். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே Shut down கொடுங்கள். ஒரு நிமிடம் கழித்து சார்ஜரை மாட்டுங்கள். இப்போது போர்ட்டுக்குப் பக்கத்திலோ முன் விளிம்பிலோ இருக்கிற அந்தச் சின்ன லைட்டைப் பாருங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த லைட்டை எரியவைப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் தனியாக ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப் இருக்கிறது. கரண்ட் வருகிறதா, பேட்டரி இருக்கிறதா, சார்ஜ் ஏற்றலாமா என்பதையெல்லாம் பார்ப்பது அதுதான். லேப்டாப் ஆஃப் ஆகிக் கிடக்கும்போதும் சார்ஜர் மாட்டினால் அது விழித்துக்கொள்ளும். ஆகவே ஆஃப் நிலையிலேயே லைட் எரியவில்லை என்றால் விண்டோஸில் உள்ள டிரைவர் மென்பொருளைக் குற்றம் சொல்ல வழியில்லை. டிரைவரை நீக்கிப் போடுவது, விண்டோஸை மறுபடி ஏற்றுவது இவற்றிலெல்லாம் ஒரு நாள் வீணாகப் போகும், அவ்வளவுதான்.

லைட்டின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் ஆரஞ்சு என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, வெள்ளை அல்லது பச்சை என்றால் நிறைந்துவிட்டது அல்லது நிறையப் போகிறது. விட்டு விட்டு மின்னினால் பேட்டரி மிகவும் தாழ்ந்திருக்கிறது அல்லது ஏதோ ஒன்றை அது ஏற்க மறுக்கிறது. உங்கள் மாடலுக்கு எது என்ன என்பது அதன் கையேட்டில் இருக்கும். இங்கே நமக்குத் தெரியவேண்டியது மூன்றுதான்: லைட் எரிகிறதா, எரியவே இல்லையா, அசைத்தால் வந்து வந்து போகிறதா. அதற்கேற்ப வழி பிரிகிறது.

லைட் எரியவே இல்லை

நாகர்கோவிலில் என் மேஜைக்கு வரும் இந்த வகை லேப்டாப்புகளில், திறக்காமலே சரியாகிறவை ஏராளம். சுவரிலிருந்து அடாப்டர் பெட்டிக்கு வரும் பவர் கார்டைப் பாருங்கள். அது பெட்டியில் செருகும் இடம் காலப்போக்கில் தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், உள்ளே தொட்டிருக்காது. அழுத்திச் செருகிப் பாருங்கள். அதே வடிவக் கார்டு வீட்டில் வேறு ஏதாவது சாதனத்தில் இருக்கலாம். அதை மாற்றியும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் குறைவதால்தான் ஏறவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அடாப்டர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். 180 வந்தாலும் அது வேலை செய்யும்.

அடாப்டர் பெட்டியில் லைட் இருந்தால் அது நல்ல சாட்சி. லேப்டாப்பில் மாட்டாதபோது எரிந்து, மாட்டியவுடன் அணைந்தால் பெரும்பாலும் அடாப்டரில் குறை இல்லை. லேப்டாப்புக்குள் ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. சுவரிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டினால் அடாப்டர் லைட் திரும்பவும் எரியும், லேப்டாப்பில் செருகினால் மறுபடி அணையும். இது உறுதியானதும் நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டாம். லேப்டாப்பில் மாட்டாமலேயே அடாப்டர் லைட் விட்டு விட்டு மின்னினால் கோளாறு அடாப்டரிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

அடுத்தது மல்டிமீட்டர். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மீட்டர் போதும். டி.சி. வோல்டில் 200 ரேஞ்சில் வையுங்கள். 20 ரேஞ்சில் வைக்காதீர்கள். அடாப்டர் 19.5 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 20-ஐ எட்டலாம், அப்போது மீட்டர் வெறும் 1 என்று காட்டும். அதைப் பார்த்து ஒரு வோல்ட்தான் வருகிறது என்று நல்ல அடாப்டரைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். உருண்டை முனை உள்ள சார்ஜரில் சிவப்பு புரோப் உருளைக்குள்ளே, கருப்பு வெளிப்பக்கம். புரோப்பின் உலோகம் உள்ளையும் வெளியையும் ஒன்றாகத் தொட்டுவிடக்கூடாது. லேபிளில் உள்ள வோல்டை ஒட்டி வந்தால் முதல் கட்டம் தேறியது. பூஜ்யம் என்றாலோ, ஏறி இறங்கி ஆடினாலோ அடாப்டர் போய்விட்டது.

முதல் கட்டம் என்று சொல்வதற்குக் காரணம், சுமை இல்லாமல் 19.5 காட்டுகிற அடாப்டர் லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடலாம். கடையில் இதற்கு நான் வைத்திருப்பது இரண்டு கார் இண்டிகேட்டர் பல்புகள். 12 வோல்ட், 21 வாட். இரண்டையும் வரிசையாக, ஒன்றின் வாலில் மற்றதைக் கட்டியிருக்கிறேன். அடாப்டரில் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே வோல்டை அளந்து பார்ப்பேன். நல்ல அடாப்டர் 19-க்குக் கீழே போகாது. சாகப் போகிற அடாப்டரில் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கும், மீட்டர் 14, 11 என்று இறங்கிக்கொண்டே வரும். ஒற்றைப் பல்பை மட்டும் கொடுக்காதீர்கள், 12 வோல்ட் பல்பு 19.5-ல் சீக்கிரமே ஃபியூஸாகிவிடும். பல்பு நன்றாகச் சூடாகும், கை வைக்க வேண்டாம்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஐப்பசியில் துலாவர்ஷம் தொடங்கியதும் செத்த அடாப்டர்கள் வரிசையாக வரும். இடி இறங்கிய மறுநாள் அடாப்டரில் லைட் இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். பல நேரம் அடாப்டர் மட்டுமே போயிருக்கும், லேப்டாப் தப்பியிருக்கும். இடிச்சத்தம் கேட்டால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது

வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே புத்தகத்தை முட்டுக்கொடுத்துச் சார்ஜ் போடுகிறீர்களா? அப்படியானால் கோளாறு இரண்டு இடத்தில் ஒன்று: சார்ஜர் முனைக்குப் பின்னால் வயர் வளைகிற கழுத்து, அல்லது லேப்டாப் போர்ட். இதைப் பிரித்துப் பார்ப்பது எளிது. சார்ஜர் முனையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் வளையுங்கள். லைட் வந்து போனால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. பிறகு வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு முனையை மட்டும் போர்ட்டுக்குள் மெல்ல ஆட்டுங்கள். அப்போது வந்து போனால் போர்ட்.

முட்டுக்கொடுத்து ஓட்டுவதை மட்டும் தொடராதீர்கள். லூஸான இடத்தில் ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி பறக்கும், அது சூடாகும். போர்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். சில லேப்டாப்பில் போர்ட் ஒரு வயரோடு தனியாக வரும், அதைக் கழற்றி மாட்டிவிடலாம். சிலவற்றில் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். கழன்ற சால்டரை உடனே சரிசெய்தால் அதோடு முடியும். விட்டுவிட்டால் போர்டில் உள்ள செம்புத் தடமும் எரியும்.

லைட் எரிகிறது, லேப்டாப் ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை

ஆட்களை அதிகம் அலைய வைப்பதும் காசைக் கரைப்பதும் இந்த ஒன்றுதான். அதனால் ஒரு லேப்டாப்பின் கதையாகவே சொல்கிறேன்.

முட்டத்திலிருந்து ஒரு பையன் வந்தான், பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான், அதற்குப் பின்னால் இரண்டு பேட்டரிகளையும் எடுத்து மேஜையில் வைத்தான்.

“அண்ணா, பேட்டரி புதுசு மாத்தியாச்சு. பின்னயும் ஏறல்ல.”

“மாத்துன உடனேயே ஏறல்லியா மக்கா, இல்ல கொஞ்ச நாள் ஓடிச்சா?”

“அன்னைக்கு நல்லாத்தான் ஓடிச்சு. நாப்பது சதவீதம் காட்டிச்சு. மறுநாள் குறைஞ்சு குறைஞ்சு ரெண்டுல வந்து நின்னுட்டு.”

புதுப் பேட்டரி பொதுவாகக் காலியாக வருவதில்லை, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் ஏற்றித்தான் அனுப்புவார்கள். அதனால் மாற்றியவுடன் நாற்பது காட்டும், வயரைக் கழற்றினாலும் ஓடும். மாற்றிக் கொடுத்தவரும் சரியாகிவிட்டது என்று நம்புவார், வாங்கியவரும் நம்புவார். அந்த நாற்பது தொழிற்சாலையில் ஏறியது. பேட்டரி மாற்றினால் பார்க்க வேண்டியது எத்தனை சதவீதம் காட்டுகிறது என்பதை அல்ல. பத்து நிமிடத்தில் ஒரு சதவீதமாவது கூடுகிறதா என்பதைத்தான்.

சார்ஜரை மாட்டி லேப்டாப்பைப் போட்டேன். திரையில் மூலையில் `Plugged in, not charging` என்று வந்தது. லேப்டாப் ஓடத்தான் செய்தது, ஆனால் இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு பக்கத்தைத் திறக்கவே திணறியது. பையனிடம் கேட்டேன், “இப்ப கொஞ்ச நாளா ஸ்லோவா இருக்கா?” “ஆமாண்ணா, அது வைரஸுன்னு நெனச்சேன்” என்றான். சார்ஜும் ஏறாமல் வேகமும் குறைந்திருந்தால் என் மனம் உடனே போவது சார்ஜரின் நடுப் பின்னுக்கு.

உருண்டை முனையுள்ள பல சார்ஜர்களில் உருளைக்கு நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை. கரண்டுக்கு உருளையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் போதும். நடுப் பின், நான் 65 வாட் அடாப்டர், என்னிடமிருந்து இவ்வளவு எடுக்கலாம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் வழி. அந்தத் தகவல் வராவிட்டால் வந்திருப்பது எந்த அடாப்டர், எவ்வளவு தாங்கும் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. ஆகவே அது பத்திரமாக நடந்துகொள்கிறது: ஓடுவதற்கு மட்டும் கொஞ்சம் எடுக்கும், பிராசசர் வேகத்தைக் குறைக்கும், பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகவே காட்டும், லைட்டும் எரியும். அதனால்தான் எல்லோரும் பேட்டரியைச் சந்தேகிக்கிறார்கள்.

இதைச் சோதிக்க லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். ஆன் செய்யும்போது கம்பெனி பெயர் வந்தவுடன் `F2` அல்லது உங்கள் மாடலுக்கான கீயைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். பல மாடல்களில் பேட்டரி விவரம் இருக்கும் பக்கத்திலேயே அடாப்டர் விவரமும் இருக்கும். அங்கே `65W` என்று இருந்தால் தகவல் வருகிறது. `Unknown` அல்லது `None` என்று இருந்தால் வரவில்லை. சிலவற்றில் ஆன் செய்யும்போதே திரையில் `The AC power adapter wattage and type cannot be determined` என்று வரும். வந்த வேகத்தில் ஒரு கீயைத் தட்டி அதைத் தாண்டிப் போவது பலருக்குப் பழகிவிட்டது. இந்தப் பையனும் அப்படித்தான் ஒரு மாதமாகத் தாண்டிப் போயிருக்கிறான்.

அவன் லேப்டாப்பில் `Unknown`. தகவல் தொலைவது அடாப்டரிலா, போர்ட்டிலா என்பது அடுத்த கேள்வி. மீட்டரால் நடுப் பின்னை அளந்து இதைச் சொல்ல முடியாது. லேப்டாப் கேட்டால்தான் அதிலுள்ள சிப் பதில் சொல்லும், தானாக வோல்ட் எதுவும் காட்டாது. ஆகவே ஒரே வழி மாற்றிப் பார்ப்பது. அதே கம்பெனியின், அதே முனையுள்ள, வேறொரு லேப்டாப்பில் சரியாகச் சார்ஜ் ஏற்றுகிற அடாப்டர் வேண்டும். பக்கத்து வீட்டிலோ கூடப் படிக்கும் பிள்ளையிடமோ கேட்டால் கிடைக்கும். அதை மாட்டியதும் `65W` வந்தால் உங்கள் அடாப்டரில் பின் வளைந்திருக்கிறது அல்லது வயருக்குள் அந்த மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது. கரண்ட் போகும் கம்பிகளைவிட மெலிந்தது என்பதால் வளைந்து வளைந்து முதலில் அறுவதும் அதுதான். வேறு அடாப்டருக்கும் `Unknown` என்றே வந்தால் கோளாறு லேப்டாப் பக்கம்.

என்னிடமிருந்த அடாப்டரைப் போட்டேன், மறுபடியும் `Unknown`. அவனுடைய அடாப்டர் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுப் பின் நேராகத்தான் நின்றது, ஆனால் நுனியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு பச்சை. பித்தளைக் குத்துவிளக்கைத் துடைக்காமல் போட்டால் படியுமே, அதே களிம்பு. போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் நடுவில் உள்ள துளையின் வாயிலும் பச்சை வளையம்.

“மேஜை எங்க போட்டிருக்கே?”

“ஜன்னல் பக்கத்துல அண்ணா. கடல் அங்கேர்ந்து பார்த்தாத் தெரியும்.”

முட்டம், குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றில் உள்ள ஈரம் உலோகத்தின் மேல் படியும். போர்ட்டில் வோல்ட் இருக்கிறபோது அந்த உப்பீரத்தின் வழியாக அரிப்பு வேகம் பிடிக்கும். உருளையின் பெரிய தொடுபரப்பு ஒவ்வொரு முறை செருகும்போதும் உராய்ந்து தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும். நடுவில் உள்ள சின்னத் தொடுமுனைக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதோடு கரண்ட் என்றால் மெல்லிய படலத்தைத் தாண்டியும் பாயும். இந்தத் தகவலுக்கு ஓடுவது மிகச் சிறிய சமிக்ஞை, களிம்பு தடுத்தால் நின்றுவிடும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்க அது மட்டும் நிற்பது இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவுங்கள். லேப்டாப்பை ஆஃப் செய்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். திறக்கத் தெரியாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், செறிவு கூடியது. கையில் தேய்க்கும் சானிடைசர் ஆகாது, அதில் தண்ணீரும் பசையும் இருக்கும். மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஆல்கஹாலைத் தொட்டு அடாப்டர் முனையைத் தேய்த்தேன். போர்ட்டின் துளையில் ஒரு சொட்டு விட்டேன். பிறகு கரண்ட் இல்லாத சார்ஜர் முனையைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தேன், பின்னே உள்ளே போய் வந்து களிம்பைச் சுரண்டும். ஒவ்வொரு முறையும் பஞ்சில் துடைத்தேன், முதலில் பச்சை வந்தது, பிறகு வரவில்லை. அரை மணி நேரம் காயவிட்டேன். கடைசி வரை குண்டூசியோ கம்பியோ வைத்துக் குடையவே கூடாது. தொடுமுனை அகன்றுவிட்டால் பிறகு பின்னைப் பிடிக்காது.

காய்ந்தபின் மாட்டிப் பார்த்தேன். `65W` வந்தது. இது போதும் என்று கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் முனையைப் போர்ட்டுக்குள் மெல்லச் சுழற்றினேன், கால் சுற்றில் மறுபடி `Unknown`. தொடுமுனை ஏற்கெனவே அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த மாடலில் போர்ட் வயரோடு கழற்றக்கூடியது. பேட்டரி கழற்றிய நிலையிலேயே, மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, நடுத்துளைக்கும் மறுமுனைக் கனெக்டரில் உள்ள மெல்லிய வயருக்கும் இடையே பார்த்தேன். துளைக்குள் புரோப் போகாது, தையல் ஊசியைப் புரோப்போடு சேர்த்துப் பிடித்து, குடையாமல் மெல்லத் தொட வேண்டும். நல்ல போர்ட்டில் தொட்டவுடன் பீப் நிற்காமல் ஒலிக்கும். இதில் ஊசியைச் சாய்த்தால் ஒலித்தது, நிமிர்த்தினால் நின்றது. போர்ட்டை மாற்றினேன். அதன் விலை அவன் வாங்கிய பேட்டரி விலையில் சின்னப் பங்கு.

மாற்றியபின் எந்தப் பக்கம் சுழற்றினாலும் `65W`. லேப்டாப்பை ஆஃப் செய்து மாட்டியதும் லைட் ஆரஞ்சாக எரிந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு சதவீதம் பதினொன்றாகியிருந்தது.

80-லோ 60-லோ போய் நின்றுவிடுகிறது

இது கோளாறே இல்லை. பேட்டரி ஆயுளுக்காக அந்த அளவோடு நிறுத்தும் வசதி பல லேப்டாப்பில் உண்டு. `Conservation Mode`, `Battery Health Charging` போன்ற பெயர்களில் கம்பெனியின் ஆப்பிலோ பயாஸிலோ இருக்கும். எப்போதும் வயரோடு வைத்தே வேலை செய்கிறவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. மதியவெயிலில் காரில் கிடந்த லேப்டாப்பை எடுத்து உடனே மாட்டினாலும் ஏறாது. பேட்டரிக்குள் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் கொடுக்காமல் பெரும்பாலானவை காத்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

டைப்-சி சார்ஜர் என்றால்

மேலே சொன்ன மீட்டர் சோதனை இதற்கு ஆகாது. டைப்-சி அடாப்டர், எதிரே இருப்பது யார் என்று பேசி முடிவாகிற வரை 20 வோல்டைத் தராது. மாட்டாத முனையில் புரோப் வைத்தால் ஒன்றும் வராது, அதை வைத்து அடாப்டர் போய்விட்டது என்று சொல்லக்கூடாது. போன் சார்ஜரில் மாட்டினால் லைட் எரிந்தும் ஏறாமலோ, ஓடும்போது சதவீதம் குறைந்துகொண்டோ போகலாம். 18 வாட் கொடுத்தால் 45 வாட் கேட்கிற லேப்டாப் என்ன செய்யும்? ஆஃப் செய்து வைத்தால் மட்டும் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் வாட் பற்றாக்குறைதான். கேபிளையும் மாற்றிப் பாருங்கள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கேபிளில் ஒன்று லேப்டாப் அளவு கரண்டைத் தாங்காததாக இருக்கும். போர்ட்டில் முனை முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றால் உள்ளே பஞ்சும் தூசியும் அடைந்திருக்கிறது. ஆஃப் செய்து, பல்குச்சியின் நுனியால் நடுநாக்கைத் தொடாமல் மெல்ல எடுங்கள்.

இதெல்லாம் சரி, அப்புறம்தான் பேட்டரி

பேட்டரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அதைச் சோதிக்கப் புதுசு வாங்கவே தேவையில்லை என்பது. பேட்டரிக்குள்ளேயே ஒரு சிப் கணக்கு வைத்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு பக்கம் எங்கே சேமிக்கப்பட்டது என்று அடுத்த வரியிலேயே காட்டும். அதைப் பிரவுசரில் திறந்தால் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது புதுசாக இருந்தபோது தாங்கியது, இரண்டாவது இப்போது தாங்குவது. முட்டத்துப் பையனின் பழைய பேட்டரியை மாட்டி இதை ஓட்டினேன். முதல் எண் 42,000, இரண்டாவது 31,080. வகுத்தால் 74 சதவீதம். இரண்டு வருடம் ஓடிய பேட்டரிக்கு இது நல்ல நிலை, மாற்ற எந்த அவசியமும் இருந்திருக்கவில்லை. பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அப்படிப்பட்ட பேட்டரியும் ஏறத்தான் செய்யும், சீக்கிரம் தீரும், அவ்வளவே. ஏறவே மறுப்பது வேறு, சீக்கிரம் தீர்வது வேறு.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் உதவும். பயாஸில் வாட் சரியாகத் தெரிந்து, பேட்டரி இல்லாமல் நன்றாக ஓடி, பேட்டரியை மாட்டினால் மட்டும் ஏறவில்லை என்றால் சந்தேகம் பேட்டரிக்கும் போர்டில் உள்ள சார்ஜ் சர்க்யூட்டுக்கும் சுருங்குகிறது. கழற்றியிருக்கும்போதே, அடாப்டரும் இல்லாமல், பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டுங்கள். கன்ட்ரோலர் சிப் எதிலாவது சிக்கி நின்றிருந்தால் இதில் விடுபடும். அதற்குப் பிறகும் ஏறாமல், நன்றாக இருப்பதாகத் தெரிந்த இன்னொரு பேட்டரியும் ஏறாவிட்டால் அது போர்டு வேலை, வீட்டில் செய்யக்கூடியது அல்ல.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப் 0 சதவீதத்திலேயே நின்றால் அவசரப்படாதீர்கள். மிகவும் இறங்கிய பேட்டரிக்கு லேப்டாப் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். ஆஃப் செய்து இரண்டு மணி நேரம் மாட்டி வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் செல்கள் திரும்ப வராத அளவுக்கு இறங்கிவிட்டன. வெளியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும் வேலை அது. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜரை உருவி, ஆஃப் செய்து, அழுத்தாமல் குத்தாமல் கொண்டுபோய்க் கழற்றக் கொடுங்கள்.

பையன் பழைய பேட்டரியையே போட்டுத் தரக் கேட்டான், அது இன்னும் ஒரு வருடம் தாங்கும். புதுசை என்ன செய்வது என்றான். லேப்டாப்பில் மாட்டி 50 சதவீதம் வரை ஏற்றி, கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி வீட்டின் உள்ளறையில் வைக்கச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மாட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி 50-க்குக் கொண்டுவர வேண்டும். மேஜையையும் உள்ளறைக்கு மாற்றிவிட்டதாக அடுத்த வாரம் போனில் சொன்னான்.